ஜனவரிக் கூட்டமும் டிசெம்பர்ச் சரக்கும்

விற்பனை சரிந்த ஓர் ஆண்டு முடிந்தபின், புத்தாண்டின் முதல் வாரத்தில் விற்பனைப் பிரதிநிதிகளின் முன்னால் எழுந்து நிற்கும் மேலாளர் என்ன பேச வேண்டும் என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. கொழும்பில் பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை என்று அன்றாடப் பொருள்களைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கூட்டம் நன்கு பழக்கமானது. ஹோட்டல் மண்டபம் ஒன்றை எடுப்பார்கள். வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைப்பார்கள். கைதட்டலும் பாட்டும் இருக்கும், மதியம் நல்ல சாப்பாடும் இருக்கும். மாலையில் புதிய ஆண்டுக்கான இலக்கைத் திரையில் காட்டி, எல்லோரையும் எழுந்து நின்று அதை உரக்கச் சொல்ல வைப்பார்கள். நல்ல ஆண்டொன்றுக்குப் பிறகு இது எவரையும் பாதிப்பதில்லை. மோசமான ஆண்டுக்குப் பிறகு இதே கூட்டம், கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் கரைத்துவிடுகிறது என்பதே என் எண்ணம். அதற்கான காரணத்தை, மேலாளராக நானே நடத்திய ஒரு கூட்டத்தை முன்வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர் கடந்த ஆண்டில் பல மாதங்கள் ஊக்கத்தொகை இல்லாமல் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனவர். ஜனவரியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தும் கொப்பிகளும் வாங்கியாக வேண்டும், அதற்குப் பின்னால் தைப்பொங்கல் வருகிறது. ஆண்டுக் கணக்கில் தன் பகுதி எத்தனை வீதம் குறைந்தது என்பதை மேலாளர் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும் என்றில்லை. அது அவருக்கு மனப்பாடம். ஆகவே மேடையில் இருப்பவரின் வாயிலிருந்து அவர் எதிர்பார்ப்பது உற்சாகச் சொற்களை அல்ல. ஏன் விழுந்தோம் என்பது இவருக்குத் தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரா என்ற ஒன்றை மட்டுமே அவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். முதல் பத்து நிமிடத்தில் அதற்கு விடை கிடைக்காவிட்டால், எஞ்சிய நேரம் முழுவதும் அவர் மரியாதைக்காகவே உட்கார்ந்திருப்பார்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ‘என்னால் இது முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்குள் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொற்கள், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை என்பவையே அந்த நான்கு. இவற்றில் செய்து பெற்ற அனுபவமே வலிமை மிக்கது என்றும், சொல்லால் மட்டும் ஊட்டப்படும் நம்பிக்கை பலவீனமானது, எதிர்மாறான அனுபவம் ஒன்று நேர்ந்ததும் கலைந்துவிடக்கூடியது என்றும் அவர் கூறினார். விற்பனைத் தொழிலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. மண்டபத்தில் ஏறிய உற்சாகம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆமர் வீதியில் முதல் கடைக்காரர் “இன்றைக்கு ஒன்றும் வேண்டாம்” என்று கையசைக்கும்போதே சோதனைக்கு வந்துவிடுகிறது. அடுத்த மூன்று கடைகளிலும் அதே பதில் கிடைத்தால் பேச்சாளரின் குரல் அதோடு முடிந்தது. ஜனவரி உரைக்குப் பலன் வேண்டுமென்றால், மேடைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை மேடையில் பேசுவதைவிட அதிகம் என்ற முடிவுக்கு நான் வந்தது இதனால்தான்.

விழுந்தது எங்கே

அந்த வேலையின் முதற்பகுதி, ஆண்டுத் தொகையைப் பிரித்துப் பார்ப்பது. ‘இருபத்தைந்து வீதம் குறைந்துவிட்டோம்’ என்ற ஒற்றை எண்ணை வைத்து எவரையும் ஊக்கப்படுத்த முடியாது, ஏனென்றால் அந்த எண்ணில் ஒரு பிரதிநிதி கையால் பிடித்துத் திருத்தக்கூடிய எதுவும் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளி வரை போகும் ஒரு ரூட்டை எடுத்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் கணக்கு என்பதால் தொகைகளை மாற்றி, சுற்று எண்களாக எழுதுகிறேன். விகிதங்கள் நான் பார்த்தவற்றுக்கு நெருக்கமானவை. மாதத்தில் போயா நாள்களும் ஞாயிறும் போக இருபத்து நான்கு வேலை நாள். பிரதிநிதி ஒரு நாளில் முப்பது கடை ஏறுகிறார். முந்திய ஆண்டில் அந்த முப்பதில் பதினெட்டுக் கடைகளில் பில் விழுந்தது, ஒரு பில்லின் சராசரி 4,000 ரூபா. மூன்றையும் பெருக்கினால் மாத விற்பனை 17,28,000 ரூபா. மோசமான ஆண்டில் அவர் அதே முப்பது கடைகளுக்குப் போயிருக்கிறார். பில் விழுந்தது பதினைந்தில், சராசரி 3,600 ரூபா. மாத விற்பனை 12,96,000 ரூபாவுக்கு இறங்கிவிட்டது.

குறைந்த தொகை 4,32,000 ரூபா. இதை இரண்டாகப் பிரிக்கலாம். நாளொன்றுக்கு மூன்று கடைகள் வாங்காமல் விட்டதால் போனது 2,88,000. வாங்கிய கடைகள் குறைத்து வாங்கியதால் போனது 1,44,000. அதாவது சரிவில் மூன்றில் இரண்டு பங்கு, கடைக்காரர் ‘வேண்டாம்’ என்று சொன்ன அந்த மூன்று கடைகளில் இருக்கிறது. இந்தச் சிறிய கணக்கைப் பார்த்த பிறகு பேச்சின் திசையே மாறிவிடுகிறது. ‘கடுமையாக உழைக்க வேண்டும்’ என்று அந்தப் பிரதிநிதியிடம் சொல்வதில் பொருளில்லை. அவர் ஏற வேண்டிய முப்பது கடைகளையும் ஏறித்தான் இருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, அந்த மூன்று கடைகள் ஏன் நின்றன என்பது.

இதற்கு விடை எந்த அறிக்கையிலும் கிடைக்காது. பில் விழாத கடைக்கும் ஒரு காரணத்தைப் பதிய வேண்டும் என்ற விதி எங்களிடம் உண்டு, ஆனால் அவசரத்தில் எல்லோரும் பட்டியலின் முதற் காரணத்தையே அழுத்திவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே நவம்பரிலும் டிசெம்பரிலும் பிரதிநிதிகளோடு நானும் ரூட்டில் போனேன். நின்றுபோன கடைகளில் கடைக்காரரோடு நின்று பேசினேன். திரும்பத் திரும்ப வந்தவை மூன்று காரணங்கள். முதலாவது, அவர் கேட்ட சிறிய பக்கெட் எங்கள் விநியோகஸ்தரிடம் இல்லை. பெரிய பக்கெட் இருக்கிறது, அதை வாங்க அந்தத் தெருவில் ஆளில்லை. இரண்டாவது, பழைய பில் கட்டாமல் நிற்பதாலோ காசோலை திரும்பியதாலோ கணினி அந்தக் கடைக்குப் புதிய பில் போட விடுவதில்லை. மூன்றாவதை மட்டக்குளியில் ஒரு கடைக்காரர் என் கண் முன்னாலேயே எங்கள் பிரதிநிதியிடம் சொன்னார்: “தம்பி, புறக்கோட்டையில இதே பெட்டி உங்க விலையைவிடக் குறைவாக் கிடைக்குது. நான் ஏன் உங்ககிட்ட எடுக்கணும்?” அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினார். எங்கள் பெட்டிதான். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த தொகுதி எண், எங்கள் சொந்த விநியோகஸ்தருக்குப் போன சரக்கின் எண்ணாக இருந்தது.

முப்பத்தொரு நாள்

எங்கள் சரக்கு எங்களைவிட மலிவாகப் புறக்கோட்டையில் கிடைப்பதற்கு ஒரு வழி உண்டு, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அதை அறிவார்கள். நிறுவனம் விநியோகஸ்தருக்கு விற்பது ஒரு விற்பனை. விநியோகஸ்தரிடமிருந்து கடைக்குப் போவது இன்னொரு விற்பனை. முதலாவதைப் பிரைமரி என்றும் இரண்டாவதைச் செகண்டரி என்றும் சொல்கிறோம். ஆண்டு இலக்கு பெரும்பாலும் பிரைமரியில்தான் வைக்கப்படுகிறது, ஏனெனில் நிறுவனத்தின் கணக்கில் வருமானமாகப் பதிவது அதுவே. இலக்கு எட்டாது என்று தெரிந்த ஆண்டில் டிசெம்பர் கடைசி வாரத்தில் விநியோகஸ்தரின் ஸ்டோர்ஸுக்கு லொறி லொறியாகச் சரக்கு ஏறும். அதற்கான காசோலை முப்பது நாளில் வங்கிக்குப் போகும். கடைகளில் அந்த வேகத்தில் சரக்கு கழியாதபோது, காசோலைக்குப் பணம் தேட வேண்டிய விநியோகஸ்தர் தன் இலாபத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறார். அது புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து எங்கள் பிரதிநிதி ஏறும் அதே கடைக்கு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. பிரதிநிதி தன் நிறுவனத்தின் சரக்கோடு தானே போட்டியிடுகிறார்.

இதை அளக்க ஓர் எளிய வழி, ஸ்டோர்ஸில் இருக்கும் சரக்கு எத்தனை நாள் விற்பனைக்குப் போதும் என்று பார்ப்பது. எங்கள் விநியோகஸ்தரிடமிருந்து கடைகளுக்கு நாளொன்றுக்குப் போவது ஏறத்தாழ 5 இலட்சம் ரூபாச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு நாளுக்குரிய சரக்கு, அதாவது 70 இலட்சம், கையில் இருந்தால் போதுமானது. டிசெம்பர் 31 மாலையில் ஸ்டோர்ஸில் 155 இலட்சம் இருந்தது. முப்பத்தொரு நாள் சரக்கு. ஜனவரியில் இருபத்து நான்கு நாளும் வழக்கம்போல் விற்றால் 120 இலட்சம் வெளியே போகும். மாத முடிவில் 70 இலட்சம் கையிருப்பு வேண்டுமென்றால், ஜனவரியில் விநியோகஸ்தர் புதிதாக வாங்க வேண்டியது 35 இலட்சம் மட்டுமே. வழக்கமான மாதத்தில் அவர் 120 இலட்சம் வாங்குகிறவர். ஆக, ஜனவரி விற்பனையில் பெரும்பகுதியை நாங்கள் டிசெம்பரிலேயே விற்று முடித்திருந்தோம். இந்த நிலையில் ‘வளர்ச்சி’ என்று ஒரு பிரைமரி இலக்கை ஜனவரிக்கு வைத்து, அதை எழுந்து நின்று உரக்கச் சொல்லும்படி அவர்களைக் கேட்டால், எந்தக் கையால் தட்டுவார்கள்?

மேலிடத்தோடு நான் பேசியது இந்தக் கணக்கை வைத்துத்தான். மேலதிகமாக நிற்கும் 85 இலட்சத்தை ஒரே மாதத்தில் இறக்க நிறுவனத்தின் பணப்புழக்கம் இடம் கொடுக்காது என்பது எனக்குத் தெரியும். மார்ச் வரை மூன்று மாதத்தில் பிரித்து இறக்கினால் மாதம் 28 இலட்சம் அளவுக்கு வரும். விநியோகஸ்தர் மாதம் 92 இலட்சம் வாங்கினால் சரியாகிவிடும். அதுவரை பிரதிநிதிகளின் இலக்கும் ஊக்கத்தொகையும் கடைக்குப் போகும் விற்பனையில், அதாவது செகண்டரியில் கணக்கிடப்பட வேண்டும் என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நிதிப் பகுதிக்கு இது பிடிக்கவில்லை, அதில் நியாயமும் இருந்தது. இருந்தும் கூட்டத்துக்கு முன்தினம் மூன்று மாதத்துக்கு என்ற நிபந்தனையோடு எழுத்தில் கிடைத்தது. அந்தக் கடிதம் கிடைத்திராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப் போட்டிருப்பேன். கையில் எதுவும் இல்லாமல் சோர்ந்துபோன மனிதர்களின் முன்னால் நின்று ஊக்கம் பேசுவது அவர்களை மதிக்காத செயல் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி

கூட்டத்தை ஹோட்டலில் வைக்கவில்லை; கிராண்ட்பாஸில் விநியோகஸ்தரின் ஸ்டோர்ஸுக்கு மேலே இருக்கும் அறையில் வைத்தோம். ரூட் நாள் வீணாகாமல் இருக்க சனிக்கிழமை மதியத்துக்குப் பின். எங்கள் அணியில் தமிழரும் முஸ்லிம்களும் அதிகம், சிங்களவர் சிலரும் உண்டு. தமிழில் பேசி, முக்கியமான இடங்களைச் சிங்களத்தில் திரும்பச் சொன்னேன். கீழே இருந்து அட்டைப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொட்டாஞ்சேனை ரூட்டின் கணக்கை வெள்ளைப் பலகையில் எழுதினேன். எவருடைய ரூட் என்று பெயர் எழுதவில்லை. மிகக் குறைந்தவர்களின் பட்டியலை வாசிப்பதும், சென்ற ஆண்டின் சிறந்த விற்பனையாளருக்குக் கிண்ணம் கொடுப்பதும் அந்த நாளுக்கு உரியவை அல்ல என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். குறைந்தவர்களோடு தனித்தனியே பேசுவது வேறு வேலை.

கணக்கை எழுதி முடித்து நான் திரும்பும்போது வெள்ளவத்தையைப் பார்க்கும் மூத்த பிரதிநிதி எழுந்தார். இந்தத் தொழிலில் என்னைவிட அனுபவம் கூடியவர். அணியில் இளையவர்கள் எல்லோருக்கும் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. “சேர், டிசெம்பர் கடைசியில ஏத்தின சரக்கு கீழ அப்படியே நிக்குது. அதைக் கழிக்கிறதா, புது டார்கெட்டை அடிக்கிறதா? ரெண்டையும் ஒரே கடைக்காரருக்கு எப்படிச் சேர் விக்கிறது?” அறையில் வேறு எவரும் பேசவில்லை. எல்லோருடைய கேள்வியும் அதுதான் என்பது அவர்கள் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்ததிலேயே தெரிந்தது.

“அண்ணன், கீழ இருக்கிறது முப்பத்தொரு நாள் சரக்கு. அது உங்க டார்கெட்டில வராது” என்று சொல்லிவிட்டு, கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறி அறை முழுவதும் சுற்றி வரும் வரை நான் பேசவில்லை. அதன் பிறகு அவர் கேட்ட இரண்டாவது கேள்வியில்தான் கூட்டம் திரும்பியது என்று கருதுகிறேன்: “அப்ப அந்தச் சின்னப் பக்கெட் எப்ப வரும்?” முதற் கேள்வி நிறுவனத்தின் மீது, இரண்டாவது கேள்வி திங்கட்கிழமை வேலையின் மீது. ஒரு மனிதர் மனம் தளர்ந்த நிலையிலிருந்து எழுவதை நான் அவ்வளவு அருகில் கண்டதில்லை, அதற்கு ஒரு ஊக்கச் சொல்லும் தேவைப்படவில்லை. கேள்வி கேட்டதற்கு அவரைப் பாராட்டி ஒரு சொல் சொல்லலாமா என்று தோன்றியது, சொல்லவில்லை. அதற்குரிய பதிலைச் சொல்வதே அவருக்குரிய மரியாதையாகப் பட்டது. சின்னப் பக்கெட் வியாழக்கிழமைகளில் தொழிற்சாலையிலிருந்து வரும், முதலில் கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்குளிக்கும் பிரிக்கப்படும், வெள்ளவத்தைக்கு அடுத்த வாரம்தான் என்று உள்ளபடியே சொன்னேன். அவருக்கு அது பிடித்த பதில் அல்ல. ஆனாலும் குறித்துக்கொண்டார்.

பிறகு நான் உட்கார்ந்துகொண்டு ஆமர் வீதியைப் பார்க்கும் இளைஞனைப் பேசச் சொன்னேன். சரிந்த ஆண்டிலும் அவனுடைய முப்பதில் பதினெட்டுக் கடை குறையவில்லை. பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று இது: தன்னைப் போன்ற ஒருவன், தன்னுடையதைப் போன்ற தெருவில் செய்து காட்டியது. அவன் மேடைப் பேச்சுத் தெரியாதவன். தரையைப் பார்த்தபடிதான் பேசினான். கடன் நிற்கும் கடைகளை அவன் வழக்கமான ரூட் நாளில் தவிர்த்துவிட்டு, கல்லாவில் காசு சேர்ந்திருக்கும் ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை காலையில் முதலில் போய்ப் பார்த்திருக்கிறான். 24,000 ரூபா கட்டாமல் நிற்கும் கடையில் முழுத் தொகையையும் கேட்காமல், வாரம் 6,000 வாங்கியிருக்கிறான். அன்றே 5,000 ரூபாவுக்கு மேற்படாமல் ஒரு புதிய பில்லைக் கைக்காசுக்குப் போட்டிருக்கிறான். புதிய பில் ஒருநாளும் கட்டிய பழைய தொகையைத் தாண்டக் கூடாது என்பது அவன் தனக்குத்தானே வைத்த கட்டுப்பாடு. நான்கு வாரத்தில் பழைய கடன் தீர்ந்தது, கடையும் நிற்கவில்லை. கணினி தடுக்கும் கடைக்கு இப்படிப் பில் போட, கடன் பிரிவில் ஒவ்வொரு வாரமும் அனுமதி கேட்டு நின்றிருக்கிறான். அந்த அனுமதியை இனிப் பிரதிநிதி போய்க் கேட்க வேண்டியதில்லை, நான்கு வார ஒழுங்குக்கு உட்பட்ட கடைகளுக்குத் தானாகத் திறக்கும் என்று கடன் பிரிவிலிருந்து வந்திருந்தவர் அந்த இடத்திலேயே சொன்னார். வெள்ளவத்தை அண்ணன் இளைஞனிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். அது என்னுடைய எந்தப் பேச்சையும்விடப் பெரிய காரியம்.

கொடுத்த இலக்கு

ஊக்கத்துக்கான இலக்கு குறிப்பானதாகவும் எளிதில் எட்டாததாகவும் இருந்தால் மனிதர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது எட்வின் லொக், கரி லேதம் ஆகியோரின் நெடுங்கால ஆய்வுகளில் நிலைபெற்ற ஒன்று. அவர்களே அதற்கு நிபந்தனைகளும் வைத்தார்கள்: செய்கிறவர் அந்த இலக்கைத் தன்னுடையதாக ஏற்றிருக்க வேண்டும், செய்யும் திறமை இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவருக்கு இடையிடையே தெரிய வேண்டும். ஆண்டுத் தொகை என்ற இலக்கு, சரிந்த ஆண்டுக்குப் பிறகு முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. அதனால் பெப்ரவரி நடுப்பகுதி வரை நாங்கள் ரூபாவில் இலக்குக் கொடுக்கவில்லை. பதினைந்து கடையில் பில் விழுகிறவருக்குப் பதினேழு என்று கொடுத்தோம். அன்று மாலையே அது நடந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு கடைகளின் பெறுமதியையும் பலகையில் எழுதினேன். நாளுக்கு இரண்டு பில், இருபத்து நான்கு நாள், சராசரி 3,600 ரூபா என்றால் 1,72,800 ரூபா வரும். இழந்த 4,32,000இல் அது நாற்பது வீதம். மிகுதி அறுபது வீதம் இந்த முயற்சியால் வராது என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். பில்லின் அளவு குறைந்ததற்குக் காரணம் வீடுகளின் வாங்கும் சக்தி. ஒரு பிரதிநிதி கடையில் நின்று அதை மாற்ற முடியாது. வெள்ளவத்தையில் சுப்பர்மார்க்கெட்டுகளுக்குப் போய்விட்ட வாடிக்கையாளரைச் சிறு கடைக்குத் திருப்பிக் கொண்டுவரவும் அவரால் இயலாது. முடியாததை முடியாது என்று சொல்லும்போதுதான் முடியும் என்று சொன்ன இரண்டு கடைகளை அவர்கள் நம்புகிறார்கள்.

ஒரு வாக்கியத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். ‘2022இல் எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டே இதைவிட நன்றாகச் செய்தோமே’ என்று சொல்லாத மேலாளரைக் கொழும்பில் காண்பது அரிது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் ரூபாவில் கூடிய விற்பனை, பெட்டிக் கணக்கில் பல இடங்களில் குறைந்திருந்தது. 2024 ஜனவரி 1இல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோதும் பில்லில் தொகை ஏறியது, பெட்டி ஏறவில்லை. மட்டக்குளி ரூட்டில் 4,000 ரூபா பில் 3,600 ஆனதைப் பத்து வீதச் சரிவு என்றே எல்லோரும் பேசினார்கள்; இடையில் எங்கள் விலை பத்து வீதம் ஏறியிருந்ததால் சரக்கு அளவில் அது பதினெட்டு வீதச் சரிவு. பிரதிநிதி பெட்டிகளைத் தன் கையால் எண்ணுகிறவர். பழைய ரூபாத் தொகையைக் காட்டி அவரை உசுப்ப நினைத்தால், சொல்பவருக்குத் தொழில் தெரியாது என்றே முடிவு செய்வார்.

ஊக்கத்தொகைத் திட்டத்திலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. முன்பு இலக்கில் தொண்ணூறு வீதத்தை எட்டினால்தான் முதல் ரூபா கிடைக்கும். சரிந்த ஆண்டில் மாதத்தின் இருபதாம் திகதியளவில், தொண்ணூறை எட்ட முடியாது என்று தெரிந்தவர்கள் கையில் இருக்கும் ஓடர்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைப்பார்கள். அவர்கள் இடத்தில் எவரும் அதையே செய்வார்கள். நாள்வாரியான பில் எண்ணிக்கையை வரைந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: மாதக் கடைசிப் பத்து நாள் தாழ்ந்து, அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாள் காரணமின்றி உயரும். தொடக்கத்தை எழுபத்தைந்து வீதத்துக்கு இறக்கி, அங்கிருந்து சிறு சிறு படிகளாக ஏற்றினோம். மொத்தச் செலவு கூடாமல் இருக்க மேல்படிகளில் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது, அதை மேல்படியில் இருப்பவர்களிடம் கூட்டத்துக்கு முன்பே நேரில் சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருவர் இன்னும் அதை ஏற்கவில்லை.

கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகு நான் பார்த்துவருவது இரண்டை மட்டும்: ஒவ்வொரு ரூட்டிலும் நாள்தோறும் பில் விழுந்த கடைகளின் எண்ணிக்கை, பில் விழாத கடைக்குப் பதிந்த காரணம். இரண்டாவது வாரத்திலிருந்து காரணங்களின் பட்டியலில் எல்லாமே முதல் வரியாக இருந்த நிலை மாறி, ‘சின்னப் பக்கெட் இல்லை’, ‘கடன்’, ‘புறக்கோட்டை விலை’ என்று பிரிந்து வரத் தொடங்கியது. எங்களிடம் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று அவர்கள் நினைப்பதற்கு அது சான்று, ஆகையால் பில் எண்ணிக்கைக்கு முன்பாக அதைத்தான் பார்க்கிறேன். ஜனவரி முடிவில் பெரும்பாலான ரூட்டுகள் பதினாறிலும் பதினேழிலும் நிற்கின்றன. வெள்ளவத்தை பதினைந்தைத் தாண்டவில்லை. சின்னப் பக்கெட் அங்கே ஒரு வாரம் பிந்திப் போவதே காரணம் என்று அண்ணன் ஒவ்வொரு நாளும் பதிந்துவருகிறார், பதிவுகளைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. பெப்ரவரி நடுப்பகுதிக் கூட்டத்தில் ரூபா இலக்கை அறிவிக்கும் முன் வியாழக்கிழமைப் பங்கீட்டை மாற்றக் கோரித் தொழிற்சாலைக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை வெள்ளவத்தைக்குப் பதினேழு என்ற எண்ணை நான் வற்புறுத்தப் போவதில்லை.